போட்டோவைத் திருப்பிக்கொள்ளலாமா, திரும்பக் கேட்க வேண்டுமா?

ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பித் தரும் எங்கள் கடைக்கு இப்போதெல்லாம் ஆட்கள் வருவதைவிட அவர்களுடைய போட்டோக்கள் வருவதுதான் அதிகம். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று எதுவாக இருந்தாலும் முதலில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்து விழும். பாதிப் படங்கள் படுத்துக்கொண்டிருக்கும். சிலவற்றில் ஓரம் இருக்காது. இரவு ஏழு மணிக்கு மேல் வருபவை சாம்பார் நிறத்தில் இருக்கும்.

கடையில் புதிதாகச் சேர்பவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். ஒரு பையன் எதைப் பார்த்தாலும் "வேற போட்டோ அனுப்புங்க" என்று கேட்டுவிடுவான். அடுத்த முனையில் இருப்பவர் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து மறுபடியும் எடுத்து அனுப்ப வேண்டும். இன்னொரு பெண் கேட்கவே கூச்சப்படுவாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எட்டு மாதிரிதான் இருக்கு" என்று தட்டிவிடுவாள். முதல் ஆளால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். இரண்டாவது ஆளால் யாருடைய பணமோ யாருக்கோ போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி முடிவெடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு வங்கிப் பாஸ்புக்கை எடுத்துக்கொள்கிறேன். அதிகமாக வருவதும் அதுதான், அதிகமாகத் தப்பு நடப்பதும் அதில்தான்.

வந்தவுடன் பார்ப்பது

படம் வந்த ஐந்து நிமிடத்துக்குள் திறந்து பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை நாளைக்குத்தான் நிரப்பப் போகிறீர்கள் என்றாலும் சரி, படத்தை இன்றைக்கே பார்க்க வேண்டும். காரணம், அனுப்பியவர் கையில் இன்னும் அந்தப் பாஸ்புக் இருக்கும். "அக்கா, இன்னொரு தடவை எடுங்க" என்று அப்போதே சொன்னால் ஒரு நிமிட வேலை. அரை மணி நேரம் கழித்துச் சொன்னால் பாஸ்புக் பீரோவுக்குள் போயிருக்கும், பீரோ சாவி வயலுக்குப் போயிருக்கும். கடைசித் தேதியன்று மாலை ஐந்து மணிக்குப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஓரம் வெட்டியிருக்கிறதே என்று பதறும் பாடு எனக்கு முதல் வருடத்திலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.

திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில், இந்தப் படத்திலிருந்து எனக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்புக் என்றால் பெரும்பாலும் மூன்றுதான்: பாஸ்புக்கில் உள்ளபடியே பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. அந்தப் பக்கத்தையே அப்லோட் செய்ய வேண்டும் என்றால் வங்கி முத்திரையும் போட்டோ ஒட்டிய இடமும்கூடத் தெரிய வேண்டும். இந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். படம் மொத்தத்தில் அசிங்கமாக இருந்தாலும் வேண்டிய மூன்றும் சந்தேகமின்றிப் படிக்க முடிந்தால் போதும். படம் பளிச்சென்று இருந்து கணக்கு எண்ணில் ஒரே ஒரு இலக்கம் விரலுக்கு அடியில் போயிருந்தால் அந்தப் படம் உதவாது.

இன்னொன்று. வாட்ஸப் உரையாடலில் சின்னதாகத் தெரிவது முழுப் படம் ஆகாது. நீளமான படங்களை அது மேலும் கீழும் மறைத்துத்தான் காட்டும். தட்டித் திறந்தபின்தான் முழுதாகத் தெரியும். திறக்காமலேயே "அம்மா, மேல்பக்கம் கட் ஆயிருக்கு" என்று அனுப்பிவிட்டு அசடு வழிந்த புதியவர்கள் உண்டு.

படுத்திருக்கும் படம்

இதற்காக யாரிடமும் இன்னொரு படம் கேட்காதீர்கள். திருப்பினால் எந்த எழுத்தும் தொலைவதில்லை. கணினியில் விண்டோஸின் போட்டோஸ் செயலியில் திறந்து `Ctrl+R` அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் கால் சுற்று திரும்பும். மொபைலில் கேலரியின் எடிட் பகுதியில் திருப்பும் குறி இருக்கும். மூலப் படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு நகலைத் திருப்புவது நல்லது.

படம் ஏன் படுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அனுப்புபவர்மேல் எரிச்சல் வராது. போன் தன்னை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்களா, சாய்த்துப் பிடித்திருக்கிறார்களா என்பதைப் புவியீர்ப்பின் திசையை வைத்துத்தான் அறிகிறது. பாஸ்புக்கைத் தரையில் வைத்து, போனை அதற்கு மேலே மல்லாத்திப் பிடித்தால் ஈர்ப்பு நேராகத் திரையை ஊடுருவிப் போகிறது. எது மேல், எது பக்கம் என்று போனுக்குப் பிடிபடுவதில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறித்துக்கொள்கிறது. அடிக்கடி அனுப்பும் வாடிக்கையாளர் என்றால், போனை முதலில் நிமிர்த்திப் பிடித்துவிட்டு அப்புறம் கீழே சாய்க்கச் சொல்லலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்லோட் செய்யும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் போனில் நேராகத் தெரிந்த படம் விண்ணப்பத் தளத்தில் ஏற்றியதும் படுத்துக்கொள்ளும். கேமரா படத்தைத் தன் போக்கில் சேமித்துவிட்டு, "இதை இவ்வளவு திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பைக் கோப்புக்குள் எழுதிவைக்கிறது. போன் அந்தக் குறிப்பைப் படிக்கிறது. சில தளங்கள் படிப்பதில்லை. படத்தின் ஓரத்தை ஒரு மயிரிழை வெட்டிச் சேமித்தால் பெரும்பாலும் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, குறிப்பின் தயவு தேவையில்லாமல் நேராகிவிடும். ஏற்றியபின் முன்னோட்டத்தை ஒரு தடவை பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

ஓரம் போன படம்

இங்கே உங்கள் திறமைக்கு வேலையே இல்லை. படத்தில் விழாதது விழாததுதான். ஆனால் கேட்கும் முன் ஒரு விஷயம்: வெட்டியது யார்? பலர் எடுக்கும்போது முழுதாகத்தான் எடுக்கிறார்கள். அனுப்பும்போது அழகாக இருக்கட்டும் என்று கட்டிலையும் பாயையும் வெட்டப்போய், பாஸ்புக்கின் ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அதனால் முதல் கேள்வி, "கேலரியில முழுப் படம் இருக்கா?" என்பதுதான். இருந்தால் யாரும் பீரோவைத் திறக்க வேண்டியதில்லை.

வேண்டிய எண் முழுதாகத் தெரிகிறது, ஓரத்தில் வெறும் தலைப்புச் சொல்தான் போயிருக்கிறது, அதற்கும் கேட்க வேண்டுமா? கேட்கத்தான் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டேட் பேங்க் பாஸ்புக்கில் வாடிக்கையாளருக்கு உரிய சிஐஎஃப் எண் ஒன்று இருக்கும், கணக்கு எண் ஒன்று இருக்கும். இரண்டும் 11 இலக்கம். இடது ஓரம் வெட்டப்பட்ட ஒரு படத்தில் எண்கள் மட்டும் தெரிந்தன, பக்கத்தில் இருந்த தலைப்புகள் இல்லை. 11 இலக்கம் இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்துத் திருப்தியாகி, மேலே இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டேன். அது சிஐஎஃப். மூன்று மாதம் கழித்து அந்தப் பையன் வந்து, "அண்ணா, எல்லாருக்கும் பணம் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல" என்று நின்றான். நான் போட்ட எண்ணில் ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை. எண்ணே வேறு.

இலக்கங்களை எண்ணுவது நல்ல பழக்கம்தான். ஸ்டேட் பேங்க் என்றால் 11, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் என்றால் 15. குறைந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருப்பது எண் சரி என்பதற்குச் சான்றாகாது.

பட்டாவில் ஓரம் போவது இதைவிட மோசம். சர்வே எண்ணும் உட்பிரிவும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். 112 என்பது தெரிந்து, பக்கத்துக் கட்டத்தில் உள்ள 3A வெட்டுப்பட்டிருந்தால் நீங்கள் வேறொருவர் நிலத்தைப் பற்றி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் மடிப்பில் மறைந்தால் ஏக்கர் கணக்கே மாறிவிடும். பட்டாவில் நான்கு மூலையும் தெரியாத படத்தை நான் தொடுவதே இல்லை.

மங்கலான படம்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். மங்கலாக இருக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உள்ளே மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்றைத்தான் நம்மால் சரிசெய்ய முடியும். எது என்பதைப் படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு எழுத்தின் ஓரத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

முதலாவது, வெறும் இருட்டு. எழுத்தின் ஓரம் ஒழுங்காக இருக்கும். படம் முழுக்க ரவை தூவியதுபோல் பொரிப்பொரியாக இருக்கும். பிரைட்னஸைக் கூட்டினால் எழுத்து மேலே எழும்பி வரும். ஷேடோஸ் என்று தனியாக ஒரு கட்டுப்பாடு இருந்தால் அதை முதலில் ஏற்றிப் பாருங்கள், வெளிச்சமான இடங்கள் வெளுத்துப்போகாமல் இருட்டான இடங்கள் மட்டும் தெளியும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். கணக்கு எண்ணின்மேல் ஊதா முத்திரை விழுந்திருந்தால் நிற வேறுபாடுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது, கை ஆட்டம். வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா கதவை அதிக நேரம் திறந்துவைக்கிறது. அந்த நேரத்தில் கை அசைந்துவிடுகிறது. எழுத்துகள் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கை பக்கவாட்டில் ஆடியிருந்தால் 1 என்பதன் நேர்க்கோடு இரண்டாகத் தெரியும், 7-இன் மேல்கோடு மட்டும் கூர்மையாக இருக்கும். இதைப் பார்த்தால் உடனே வேறு படம் கேளுங்கள். பிரைட்னஸைக் கூட்டினால் கலங்கியது வெளிச்சமாகக் கலங்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, குவியம் தப்பியது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று போனைப் பாஸ்புக்குக்கு வெகு அருகில் கொண்டுபோவார்கள். அவ்வளவு அருகில் லென்ஸால் குவிக்க முடியாது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பஞ்சுபோல் ஊதியிருக்கும், முற்றுப்புள்ளிகள் உருண்டையாகியிருக்கும். இதற்கும் வேறு படம்தான். போனை ஒரு அடி தள்ளிப் பிடித்து, திரையில் எண்ணின்மேல் ஒரு தட்டுத் தட்டி எடுக்கச் சொல்ல வேண்டும்.

வாட்ஸப் வேறு தன் பங்குக்குப் படத்தைச் சுருக்குகிறது. எழுத்தைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அழுக்குத் தெரிந்தால் அது சுருக்கியதன் விளைவு. அப்போது அவர்களிடம் மூலப் படம் நன்றாகவே இருக்கக்கூடும். படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வந்துசேரும். அது தெரியாதவர்களிடம் அனுப்பும்போது மேலே இருக்கும் HD குறியைத் தட்டச் சொல்லலாம்.

மங்கலைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளை மட்டும் பயன்படுத்தாதீர்கள். தேய்ந்த கறையைப் பார்த்து அவையே ஒரு வடிவத்தை ஊகித்து அழகான 8 ஒன்றை வரைந்து வைக்கும். அது பாஸ்புக்கில் உள்ள எண்ணா, செயலி போட்ட எண்ணா என்பது உங்களுக்குத் தெரியாது. வெளிச்சம் கூட்டலாம், திருப்பலாம், வெட்டலாம். ஆவணத்தில் இல்லாத ஒரு கோட்டை நம் பக்கத்திலிருந்து சேர்க்கக்கூடாது.

சில சமயம் படத்தில் குற்றமே இருக்காது, பாஸ்புக்கே மங்கியிருக்கும். வங்கி அச்சு இயந்திரத்தின் ரிப்பன் தேய்ந்திருந்தால் எண்கள் புள்ளி புள்ளியாக, பாதி விடுபட்டு விழும். 8-இன் இடப்பக்கப் புள்ளிகள் விழாவிட்டால் அது 3 மாதிரியே இருக்கும். பக்கத்தில் உள்ள அட்டை ஓரமும் தையல் நூலும் கூர்மையாகத் தெரிந்து, எண் மட்டும் மங்கியிருந்தால் குறை தாளில்தான். பத்துப் படம் கேட்டாலும் அதே 3 அல்லது 8 தான் வரும். அப்போது கேட்க வேண்டியது வேறு ஆவணம்: காசோலை இருக்கிறதா, பழைய பாஸ்புக் இருக்கிறதா, இல்லையென்றால் வங்கியில் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து வாங்க முடியுமா.

எந்தச் சந்தேகத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்

ஒரு இலக்கம் சந்தேகம் என்றால் எல்லா எண்ணுக்கும் ஒரே பதில் கிடையாது. தப்பாகப் போட்டால் யாராவது பிடிப்பார்களா என்று யோசியுங்கள்.

ஆதார் எண்ணில் 12 இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பதினொன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்டது. இடையில் ஒரு இலக்கம் மாறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு ஒத்துவராது. அந்தச் சரிபார்ப்பு உள்ள படிவம் உடனே தவறு என்று சொல்லிவிடும். அதனால் ஒரே ஒரு இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் போட்டுப் பார்ப்பதில் பெரிய ஆபத்தில்லை. இரண்டு இலக்கங்கள் சந்தேகம் என்றால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், தப்பான ஜோடி ஒன்றும் அதில் தேறிவிடலாம்.

ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நான்கு வங்கியின் பெயரெழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூச்சியம், கடைசி ஆறு கிளைக்கு. மங்கலான படத்தில் `IOBA0` என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டாவது இருப்பது ஓ என்ற எழுத்து, ஐந்தாவது இருப்பது பூச்சியம், கண்ணால் பிரிக்க முடியாவிட்டாலும் இடத்தை வைத்துப் பிரிக்கலாம். தட்டியதும் பல படிவங்களில் கிளையின் பெயர் தானாக வந்து நிற்கும். பாஸ்புக்கில் உள்ள கிளையோடு ஒத்தால் சரி.

மதிப்பெண் பட்டியலிலும் ஒரு துணை உண்டு, எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாலும் இருக்கும். 71-ஆ 77-ஆ என்ற சந்தேகத்தை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

கணக்கு எண்ணுக்கு இப்படிக் கண்ணுக்குத் தெரிந்த காவல் எதுவும் இல்லை. நிறையப் படிவங்கள் நீங்கள் போட்டதை அப்படியே வாங்கிக்கொள்ளும். இரண்டு தடவை தட்டச் சொல்வார்கள், நீங்களும் அதே தப்பை இரண்டு தடவை தட்டுவீர்கள். பெயரும் அப்படித்தான். ஆதாரில் தமிழ்ப் பெயர் தெளிவாக இருந்து ஆங்கிலப் பெயர் மங்கியிருந்தால், தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை நாமே எழுதிவிடலாம் என்று தோன்றும். கூடாது. கவிதாவை K போட்டும் எழுதியிருப்பார்கள், C போட்டும் எழுதியிருப்பார்கள், கடைசியில் ஒரு h சேர்த்தும் இருக்கும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதும் தமிழில் தெரியாது. கணக்கு எண்ணிலும் பெயரிலும் ஒரு எழுத்து சந்தேகம் என்றாலும் கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில் கேளுங்கள். முதலில் "லைட்டா இருக்கு" என்று ஒன்று, அது வந்தபின் "ஓரம் வரல" என்று ஒன்று, அப்புறம் "இந்தப் பக்கமும் வேணும்" என்று ஒன்று கேட்டால் மூன்றாவது தடவை போனை எடுக்க மாட்டார்கள். குறையைச் சொல்வதைவிட என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். "கிளியரா அனுப்புங்க" என்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை, அவர்கள் கண்ணுக்கு அது கிளியராகத்தான் இருந்தது. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, பாஸ்புக் போட்டோ வந்துருச்சு. பேரும் பேங்க் கிளையும் நல்லா தெரியுது. கணக்கு நம்பர் இருக்கிற வரியில இடது பக்கம் வரல, கடைசி நாலு நம்பர் ஆடிப்போயிருக்கு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்துத் தாங்க. வாசப்படி பக்கத்துல தரையில வெச்சு, ஃபிளாஷ் போடாம, நாலு மூலையும் தரை கொஞ்சமும் தெரியுற மாதிரி எடுங்க. லென்ஸை ஒரு தடவை துணியால துடைச்சுக்கங்க."

ஃபிளாஷ் வேண்டாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த படம் கட்டாயம் ஃபிளாஷோடுதான் வரும். இருட்டு என்று சொன்னீர்கள், அவர்கள் வெளிச்சம் போட்டார்கள். பாஸ்புக் உறையின் பிளாஸ்டிக்கில் பட்டு நட்ட நடுவில் ஒரு வெள்ளை உருண்டை இருக்கும், கணக்கு எண் சரியாக அதற்குள் இருக்கும். லேமினேட் செய்த ஆதாருக்கும் இதே கதிதான். இரவிலேயே வேண்டும் என்றால் டியூப்லைட்டுக்குக் கீழே நேராக வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்து, இன்னொருவர் போனின் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகக் காட்டச் சொல்லுங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் போனில் எண்ணை வாசிக்கச் சொல்வதும் நல்ல வழி. ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் படித்ததை முதலில் சொல்லாதீர்கள். "கடைசியில 2, 8, 4 தானே?" என்று கேட்டால் "ஆமா தம்பி" என்றுதான் பதில் வரும், பாஸ்புக்கைப் பார்க்காமலேயே வரும். "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்று கேட்டு, எழுதியபின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரு படம், தொடக்கத்திலிருந்து

போன மாதம் கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு பெண் உதவித்தொகைக்காகத் தன் பாஸ்புக் படத்தை அனுப்பினாள். பாஸ்புக் ஊரில் அம்மாவிடம். அம்மா எடுத்து மகளுக்கு அனுப்ப, மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். மணி இரவு எட்டு. படம் படுத்திருந்தது, கட்டில் விரிப்பின்மேல் வைத்து எடுத்தது, இடது ஓரத்தில் கட்டைவிரல்.

சீட்டில் எழுதினேன்: பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, அப்லோட். திருப்பினேன், ஷேடோஸ் ஏற்றினேன். பெயர் வந்துவிட்டது. ஐஎஃப்எஸ்சியில் ஒரு எழுத்து இடித்தது, தட்டிப் பார்த்தேன், கிளை ஒத்தது. கணக்கு எண்ணும் சிஐஎஃப் எண்ணும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன, தலைப்புகள் இரண்டும் விரலுக்கு அடியில். கீழே உள்ள எண்ணில் எட்டாவது இலக்கம் 3 அல்லது 8. பெரிதாக்கிப் பார்த்தேன், நேர்க்கோடுகள் எல்லாம் இரட்டையாக இருந்தன. கை ஆட்டம்.

ஆக, நான்கில் இரண்டு கிடைத்துவிட்டன. கணக்கு எண்ணுக்கும் அப்லோடுக்கும் வேறு படம் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: "உன் கேலரியில் இருக்கிறதைத் தேட வேணாம்மா, விரல் மறைச்சிருக்கு. அம்மாவையே கேட்கணும்." மேலே சொன்ன வாசப்படி விவரத்தையும் சேர்த்து, இப்போது எடுக்க வேண்டாம், காலையில் போதும் என்றும் எழுதினேன். விண்ணப்பத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. இரவு நேரத்தில் அந்த அம்மாவை இன்னொரு தடவை அலையவிட்டு இன்னொரு மங்கல் படம் வாங்குவதில் என்ன பயன்?

காலை ஏழே காலுக்குப் படம் வந்தது. இதுவும் படுத்துத்தான் இருந்தது, அது பரவாயில்லை. சிமெண்டுத் தரை, நான்கு மூலை, ஒரு ஓரத்தில் கோலத்தின் கொஞ்சம். கணக்கு எண் மேலே, சிஐஎஃப் கீழே. முந்தைய நாள் எனக்கு இடித்த இலக்கம் சிஐஎஃப் எண்ணுடையது. எனக்கு அது தேவையே இல்லை. மேலே உள்ள எண்ணை இடமிருந்து வலமாக ஒரு தடவை எழுதினேன், கையால் மறைத்துவிட்டு வலமிருந்து இடமாக இன்னொரு தடவை எழுதினேன். இரண்டும் ஒத்தன, 11 இலக்கம். படிவத்தில் போட்டேன். படத்தைத் திருப்பி, ஓரம் வெட்டிச் சேமித்து ஏற்றினேன், முன்னோட்டத்தில் முத்திரை தெரிந்தது.

அதன்பின் இரவில் வந்த பழைய படத்தை அழித்தேன். இரண்டும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால், படிவம் திரும்பி வந்து மறுபடி ஏற்றும்போது கை பழையதைத்தான் தொடும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்று புதியதையும் அழித்துவிட்டேன்.